பத்தி எண் இல்லாத மேற்கோள்

வழக்கின் பெயரைச் சாய்வெழுத்தில் போடுவதா, காற்புள்ளி எங்கே வரும் என்பதையெல்லாம் எந்தக் கையேட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். சட்ட மாணவர் எழுதும் கட்டுரையின் வாதத்தையே கவிழ்க்கிற பிழை வேறு. அது ஆண்டுதோறும் அச்சு மாறாமல் வருகிறது.

"நீதிமன்றம் கூறியது" என்றால் யார் கூறியது?

இப்படி ஒரு வாக்கியம்: "தனியுரிமையில் அரசு தலையிட வேண்டுமானால், முறைகேட்டைத் தடுக்கும் பாதுகாப்பு நடைமுறைகளும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது." கீழே அடிக்குறிப்பு: புட்டசாமி எதிர் இந்திய ஒன்றியம், (2017) 10 எஸ்.சி.சி. 1.

இதில் எஸ்.சி.சி. என்பது தீர்ப்புத் தொகுப்பின் பெயர், கடைசியில் நிற்கும் 1, தீர்ப்பு தொடங்குகிற பக்கம். அவ்வளவுதான். நீதிமன்றம் வெளியிட்ட மூலப்படியில் அந்தத் தீர்ப்பு 547 பக்கம். அதில் எங்கே தேடுவது? சரிபார்ப்பது படிப்பவர் வேலை என்று எழுதியவர் நினைத்துவிட்டார்.

பக்கக் கணக்கைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் தந்தது ஒரே தீர்ப்புரை அல்ல, ஆறு. தனியுரிமை அடிப்படை உரிமை என்பதில் ஒன்பது பேரும் ஒன்றுபட்டார்கள். ஆனால் அதில் அரசு எப்போது தலையிடலாம் என்பதற்கான அளவுகோல் ஆறு உரைகளிலும் ஒரே மாதிரி இல்லை. நீதிபதி சந்திரசூட் தமக்கும் வேறு மூவருக்குமாக எழுதிய உரையின் 310-வது பத்தியில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன: சட்டம் இருக்க வேண்டும், நியாயமான அரசு நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கும் வழிமுறைக்கும் பொருத்தம் வேண்டும். பாதுகாப்பு நடைமுறை என்கிற நான்காவது நிபந்தனை நீதிபதி கவுல் தனியாக எழுதிய உரையில், 638-வது பத்தியில் வருகிறது.

மேலே சொன்ன வாக்கியம் நிற்பது அந்த நான்காவது நிபந்தனையில்தான். திருத்துபவர் பழக்கத்தில் 310-ஐப் புரட்டுவார். மூன்றுதான் இருக்கும். மாணவர் கற்பனை செய்துவிட்டார் என்று முடிவுகட்டுவார். கற்பனை இல்லை, இடம் காட்டாததுதான் குற்றம். சந்திரசூட் உரைகூட ஒன்பதில் நால்வருடையதே, பெரும்பான்மை ஆகாது. அப்படியிருக்க, ஒருவர் தனியாக எழுதியதை "உச்ச நீதிமன்றம் கூறியது" என்று எழுதுவது துணிச்சல்.

சரியான வடிவம்: புட்டசாமி எதிர் இந்திய ஒன்றியம், (2017) 10 எஸ்.சி.சி. 1, பத்தி 638 (நீதிபதி கவுல்). கட்டுரைக்குள்ளும் "நீதிபதி கவுல் தம் தனி உரையில்" என்றே எழுதுங்கள்.

இன்னொரு கண்ணி. நீதிமன்ற இணையதளத்திலிருந்து இறக்கிய படியில் ஒவ்வொரு நீதிபதியின் உரைக்கும் பத்தி எண் புதிதாகத் தொடங்கும். தொகுப்பில் 310 என்றிருப்பது அங்கே சந்திரசூட் உரையின் 180. எண்ணை மூலப்படியிலிருந்து எடுத்துவிட்டுத் தொகுப்பின் பெயரைப் போட்டால், முகவரி சரி, கதவு எண் தப்பு. எந்தப் படியைத் திறந்து படித்தீர்களோ அதன் எண், அதன் பெயர்.

ஒரே பெயர், இரண்டு தீர்ப்பு

ஆதார் தீர்ப்பும் புட்டசாமிதான்: (2019) 1 எஸ்.சி.சி. 1. வெறும் "புட்டசாமி" என்றால் எதுவென்று தெரியாது. ஆதார் சட்டத்தைப் பண மசோதாவாக நிறைவேற்றியது செல்லாது என்று அதில் எழுதியவர் சந்திரசூட். ஆனால் அது 4:1-இல் அந்த ஒருவரின் உரை. அடைப்புக்குறிக்குள் "மாறுபட்ட தீர்ப்பு" என்று போடாமல் அதை மேற்கோள் காட்டினால், தோற்ற கருத்தைச் சட்டமாக்கிவிடுகிறீர்கள்.

தலைக்குறிப்பு

தொகுப்பில் தீர்ப்புக்கு முன்னால் வரும் இந்தச் சுருக்கம் பதிப்பாளர் எழுதியது. மேற்கோள் காட்டாதீர்கள்.

சட்டப் பிரிவை மொட்டையாக எழுதுவது

"பொதுநலன் கருதிப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தப் பிரிவு 19 அனுமதிக்கிறது." இதை எழுதியவர் உட்பிரிவைத் தேடியிருந்தாலே பிழை பிடிபட்டிருக்கும். அரசியலமைப்பில் பேச்சுரிமை 19(1)(அ), அதைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்கள் 19(2)-இல் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் பொதுமக்கள் நலன் கிடையாது. அது 19(5), 19(6) ஆகியவற்றில், நடமாட்டம், தொழில் போன்ற உரிமைகளுக்காக இருக்கிறது.

சட்டத்தின் பெயரும் ஆண்டும் இப்போது கட்டாயம். இந்திய தண்டனைச் சட்டம், 1860-இல் பிரிவு 302 கொலைக்கான தண்டனை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 2023-இல் அது 103(1). அங்கே 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுவது. பழைய தீர்ப்பை விளக்கும்போது அது பேசிய பழைய எண்ணையே வைத்து, புதிய எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். தீர்ப்பின் வாசகத்துக்குள் எண்ணை மாற்றாதீர்கள்.

"மேலது"

முந்தைய அடிக்குறிப்பையே சுட்டும் இந்தச் சொல்லைக் கடைசி வரைவு முடியும்வரை போடாதீர்கள். நடுவில் ஒரு அடிக்குறிப்பு நுழைந்தால் அது வேறு வழக்கைக் காட்டும்.