நகைச் சேமிப்புத் திட்ட நினைவூட்டல் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தங்கள் தவணைகள் நிலுவையில் உள்ளன. உடனே செலுத்தாவிட்டால் சலுகைகள் ரத்து செய்யப்படும்." திருத்தி எழுதித் தருமாறு வரும் நினைவூட்டல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. இதைப் படிக்கும் உறுப்பினர் கட்டிய பணமே போய்விடுமோ என்று அஞ்சுகிறார். உண்மையில் குறைவது, முழுத் தவணையும் கட்டியவருக்கு முதிர்வின்போது கிடைக்கும் சேதாரத் தள்ளுபடியோ, கடை சேர்த்துத் தரும் தொகையோதான். கட்டிய தொகை அவருடையதாகவே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதே இதில் முதன்மையான தவறு.

மாதம் 5,000 ரூபாய் வீதம் 11 தவணை கொண்ட திட்டத்தில் ஜனவரி 10 அன்று சேர்ந்த ஒருவர் நான்கு தவணைகளைக் கட்டிவிட்டு, மே, ஜூன் மாதங்களில் கட்டவில்லை என்று கொள்வோம். அவருக்கு இப்படி எழுதலாம்: "ஜூன் 20 வரை தங்கள் கணக்கில் 4 தவணைகளாக 20,000 ரூபாய் வரவாகியுள்ளது. மே, ஜூன் தவணைகளான 10,000 ரூபாயை ஜூலை 9-க்குள் செலுத்தி, மீதித் தவணைகளையும் உரிய தேதியில் செலுத்தினால் சேதாரத் தள்ளுபடி முழுமையாகக் கிடைக்கும். செலுத்த இயலாவிட்டால், கட்டிய தொகைக்கு முதிர்வுத் தேதியில் நகை வாங்கலாம். அதற்குத் தள்ளுபடி பொருந்தாது." இந்த நிபந்தனைகள் உறுப்பினர் கையொப்பமிட்ட விதிகளில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு தவணைகளை ஏற்காத திட்டங்களும் உண்டு என்பதால், இதைப் பார்க்காமல் எழுதிவிடக் கூடாது.

"தவறிய மாதங்களைக் கடைசியில் சேர்த்துக் கட்டலாம்" என்று ஆறுதலாக எழுதுவது இன்னொரு தவறு. நிறுவனங்கள் சட்டத்தின் கீழுள்ள 2014-ஆம் ஆண்டு வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காகப் பெற்ற முன்பணம் பெற்ற நாளிலிருந்து 365 நாட்களுக்குள் அப்பொருளுக்கு ஈடுசெய்யப்பட்டால்தான் அது வைப்புத்தொகையாகக் கருதப்படாது. நிறுவனமாகப் பதிவான கடைகள் திட்டத்தை 11 மாதத்தில் முடிப்பது இதனால்தான். மேற்சொன்ன உறுப்பினருக்கு முதிர்வை இரண்டு மாதம் தள்ளிவைத்தால், ஜனவரியில் கட்டிய முதல் தவணை அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

கிராம் கணக்கில் வரவு வைக்கும் திட்டமானால் மற்றொரு வரியும் தேவைப்படும். மே மாதத் தவணையை ஜூலையில் கட்டினால், விதிகளில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, ஜூலையில் கட்டும் நாளின் விலையில்தான் எடை வரவாகும். விலை ஏறியிருந்தால் அதே 5,000 ரூபாய்க்குக் குறைந்த எடையே சேரும். இதை முன்பே எழுதாவிட்டால், தங்கத்தின் எடை குறைந்தது ஏன் என்று முதிர்வு நாளில் உறுப்பினர் கடைப் பணியாளரிடம் கேட்க நேரும்.

கணக்குப் பார்த்த தேதியையும் விட்டுவிடக் கூடாது. ஜூன் 20-க்குப் பிறகு வங்கி வழியாகக் கட்டியவருக்கு இக்கடிதம் போனாலும், "ஜூன் 20 வரை" என்ற சொற்களைக் கண்டதும் தம் பணம் தொலையவில்லை என்பது அவருக்குப் புரியும்.