நூறு ரூபாய் குறைந்தால் எந்தக் கட்டைப் பிரிப்பது?

கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையோரம் ஓர் உணவகம். இரவு பன்னிரண்டரை மணி. கணக்கர் கல்லாவை எண்ணி முடித்திருந்தார். காலையில் வைத்த சில்லறை 5,000, ரொக்க விற்பனை 61,740. ஆக 66,740 ரூபாய் இருக்க வேண்டும். எந்த மதிப்பில் எத்தனை தாள் என்று எழுதும் டினாமினேஷன் சீட்டைக் கூட்டினால் 66,640 வந்தது.

உடனே எல்லாக் கட்டுகளையும் மறுபடி எண்ணும் இயந்திரத்தில் போட்டார். இது முதல் தவறு. மூன்று முறை போட்டும் நூறு ரூபாய்க் கட்டில் 73 தாள், இருநூறில் 40 என்றே காட்டியது. சாதாரண இயந்திரம் தாள்களை மட்டுமே எண்ணும். எந்தத் தாள் எவ்வளவு பெறும் என்று பார்க்காது.

அடுத்து, தன் சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்துக் கல்லாவில் வைக்கப் போனார். எனக்குப் பொறுக்காத தவறு இதுதான். ஏற்கெனவே கல்லாவில் இருக்கும் பணத்துக்கு மேல் இன்னொரு நூறு சேர்ந்து, மறுநாள் வங்கியில் கட்டைப் பிரிக்கும்போது கூடுதலாக நிற்கும். அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. உண்மையிலேயே பணம் குறைந்திருந்தாலோ, அந்தத் தடயமே அழிந்துவிடும்.

வித்தியாசத் தொகையைப் பார்த்த பிறகே எதைப் பிரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். 100 குறைந்தால் நூறு ரூபாய்க் கட்டில் ஓர் இருநூறு நுழைந்திருக்கலாம். 300 குறைந்தால் இருநூறு கட்டில் ஓர் ஐந்நூறு. 180 என்றால் இருபது ரூபாய்க் கட்டில் ஓர் இருநூறு. இரண்டிலும் மஞ்சள் சாயல் உண்டு, இரவு வெளிச்சத்தில் கண் ஏமாறும். 287 போல உதிரித் தொகை குறைந்தால் கட்டுகளை விட்டுவிட்டு பில்களைப் பாருங்கள். யுபிஐயில் வந்த பணம் ரொக்கமாகப் பதிவாகியிருக்கக்கூடும்.

கணக்கர் நூறு ரூபாய்க் கட்டை எடுத்து, பழைய பெரிய தாள்களைத் தனியே பிரித்தார். மீதியை நீளவாட்டில் நிறுத்தி மேசையில் தட்டினார். புதிய நூறின் நீளம் 142 மில்லிமீட்டர், இருநூறு 146. நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு மஞ்சள் விளிம்பு மேலே எட்டிப் பார்த்தது.

பெரிய கட்டுக்குள் சிறிய தாள் புகுந்திருந்தால் இப்படித் துருத்தாது, உள்ளே ஒளிந்துகொள்ளும்; கணக்கில் பணம் கூடுதலாகத்தான் தெரியும். அப்போது தட்டிய பிறகு மேல்விளிம்பில் பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

சீட்டில் இருநூறு 41, நூறு 72 என்று திருத்தினார், 66,740 வந்தது. தாள் அகப்படாமல் போயிருந்தால், குறைவு 100 என்று பதிவேட்டில் அப்படியே எழுதி, கவுண்டரில் இருந்தவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.