திருநீறு, குங்குமம் வைக்கறப்போ நாம பண்ற தப்புங்க

கோயில்ல நெறய பேர் பண்ற தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன், அர்ச்சகர் குடுத்த திருநீறு குங்குமத்தை நெத்தில கொஞ்சம் வெச்சுட்டு மிச்சத்தை பக்கத்து தூண்ல கொட்டிட்டுப் போறது. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. சிற்பத்தோட கண்ணு மூக்கெல்லாம் எண்ணெப் பிசுக்கோட சேந்து அடைஞ்சுபோய், அப்புறம் சுரண்டுறப்போ கல்லும் சேந்து தேயுது. பேப்பர்ல மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க, திருச்செந்தூர்ல பன்னீர் இலையிலயே வெச்சுக் குடுக்குறாங்க, அப்படியே மடிச்சு எடுத்துட்டு வரலாம்.

அடுத்தது பட்டை. மூணு கோடு போட்டாத்தான் திருநீறுன்னு நெனக்கிறாங்க, அப்படி இல்ல. தண்ணில குழைச்சு ஆள்காட்டி, நடு, மோதிர விரலால மூணு கோடா இடுறது திரிபுண்டரம், அது தீட்சை வாங்கினவங்களுக்குன்னு சைவ முறையில சொல்லுவாங்க. மத்தவங்க தண்ணி சேக்காம அப்படியே பரவலா பூசிக்கலாம், அதுக்கு உத்தூளனம்னு பேரு, அது ஒண்ணும் கொறஞ்சது இல்ல. மூணு கோடுக்கு ஆணவம், கன்மம், மாயைங்கற மூணு மலமும் எரிஞ்சுபோகணும்னு அர்த்தம் சொல்றாங்க. கடைசில எல்லாம் சாம்பல்தாங்கறதும் அதுல இருக்கு. அதனாலதான் கீழ சிந்தக்கூடாதுன்னு வீட்டுப் பெரியவங்க அவ்ளோ கறாரா இருக்காங்க, வாங்குறப்போ வலது கைய மேல வெச்சு இடது கைய அடியில தாங்கி வாங்குங்க.

வாங்குற பொடியையும் பாக்கணும். நெசமான திருநீறு பசுஞ்சாண வரட்டிய நெல்லுப் பதர் மூடி மெதுவா மூட்டம் போட்டு, ஆறினதும் துணில சலிச்சு எடுக்குறது, லேசா சாம்பல் நெறம் இருக்கும். பளீர்னு வெள்ளையா சென்ட் வாசனையோட இருந்தா அது வெறும் கல்லுமாவா இருக்கலாம்.

திருநீறு பட்டையையும் நாமத்தையும் ஒண்ணாப் போட்டுப் பேசுறதும் தப்பு. நாமம் வைணவங்களோடது, வெள்ளை மண்ணுல நிமிர்ந்து இடுறது, நடுவுல இருக்குறது ஸ்ரீசூர்ணம். மூக்கு மேல பாதம் இறங்கி இருந்தா தென்கலை, பாதம் இல்லாம வளைஞ்சு இருந்தா வடகலை.

குங்குமத்துலதான் ஜாஸ்தி ஏமாறுறோம். பழைய முறைல மஞ்சள் கிழங்கை எலுமிச்சை சாறு, வெங்காரம், படிகாரம் போட்டு ஊறவெச்சு, சிவந்ததும் நெழல்ல காயவெச்சு இடிப்பாங்க. இப்ப மலிவா விக்கிறதுல வெறும் மாவுல சாயம் கலந்தது நெறய இருக்கு. ஒரு டம்ளர் தண்ணில ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்க, உடனே தண்ணி முழுக்க ரோஸ் கலராப் பரவினா அதை நெத்திக்கு வெக்காதீங்க. வெச்ச எடத்துல அரிப்பு, கருப்பு வந்தா அன்னிக்கே நிறுத்திடுங்க. ஸ்டிக்கர் பொட்டுலயும் பசைல இருக்குற கெமிக்கலால சிலருக்கு அந்த எடம் வெள்ளையா மாறிடும், அப்படி ஆனா அதுமேலயே புதுசா இன்னொண்ணு ஒட்டி மறைக்காம ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டுங்க.