கெயினைக் குறைத்தால் ஆட்டம் ஏன் கூடுகிறது? போலார் வரைபடத்தில் எண்ணிப் பார்ப்போம்

காட்பாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு மொட்டை மாடியில் ஒரு சுழல்மேடை செய்தோம். மேலே கேமரா, கீழே மோட்டார். வேகம் கூடிக்கொண்டே போகும் பொருளையும் பிழையில்லாமல் பின்தொடர வேண்டும் என்பதற்காக கன்ட்ரோலரில் இரண்டு இன்டக்ரேட்டர் வைத்தோம். மோட்டாரின் வேகம் கோணமாக மாறும் இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆக மொத்தம் மூன்று.

முதலாம் ஆண்டு லேபில் சொல்லிக் கொடுத்தபடியே கெயின் குமிழை அடியில் வைத்து, மெதுவாக ஏற்றினோம். மேடை ஆறு நொடிக்கு ஒரு முறை இடமும் வலமுமாக ஆடியது. ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டம் கொஞ்சம் அகலமானது. கூட இருந்த தம்பி பதறிப்போய், "அண்ணா, கெயின் அதிகமா இருக்கு, குறைங்க" என்றான். குறைத்தேன். ஆட்டம் நிற்கவே இல்லை. அன்று அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. காகிதத்தில் ஒரு வளைகோடு வரைந்த பிறகுதான் புரிந்தது. அதே கோட்டை இப்போது உங்களோடு வரைகிறேன்.

முதலில் லூப்பை எழுதுவோம்

கணக்கு எளிதாக இருக்க எண்களைச் சற்று வழவழப்பாக்கியிருக்கிறேன்:

```
L(s) = K (1+s)^2 / ( s^3 (1+s/20)^2 )
```

கீழே உள்ள s^3 மூன்று இன்டக்ரேட்டர்கள். மேலே உள்ள (1+s)^2 நாம் சேர்த்த பேஸ் முன்னேற்றம். அது இல்லாமல் இந்த லூப் எந்த கெயினிலும் நிலையாகாது. (1+s/20)^2 மோட்டாரிலும் வடிகட்டியிலும் உள்ள தாமதம். K தான் குமிழ்.

அடுத்து, பேஸ் எங்கே −180° ஆகிறது என்று பார்ப்போம்

w அதிர்வெண்ணில் ஓர் அலையை விட்டால், லூப்பைச் சுற்றி வரும்போது அது எவ்வளவு கோணம் நகர்கிறது என்பதுதான் பேஸ். மூன்று இன்டக்ரேட்டர்கள் சேர்ந்து −270° தருகின்றன. முன்னேற்றம் அதை மீட்கிறது, தாமதம் மறுபடி இழுக்கிறது:

```
பேஸ் = -270 + 2 atan(w) - 2 atan(w/20)
```

இது −180 ஆக வேண்டுமானால் இரண்டு atan-களின் வித்தியாசம் 45° ஆக வேண்டும். சுருக்கினால் w² − 19w + 20 = 0. விடைகள் இரண்டு: w = 1.12, w = 17.9 ரேடியன்/நொடி. இரண்டு விடை வருவதுதான் முக்கியம். சாதாரண லூப்பில் பேஸ் ஒரே ஒரு முறை −180°-ஐக் கடந்து கீழே போய்விடும். இங்கே கீழேயிருந்து தொடங்கி, ஏறி, மறுபடி இறங்குகிறது.

அந்த இரண்டு இடங்களிலும் L-இன் அளவைக் கணக்கிட்டால் முதலாவதில் 1.60 K, இரண்டாவதில் 0.031 K.

இப்போது கோட்டை வரையலாம்

ஒவ்வொரு w-க்கும் L-இன் அளவை மையத்திலிருந்து தூரமாகவும், பேஸைக் கோணமாகவும் வைத்துப் புள்ளியிட்டு இணைத்தால் வருவதுதான் போலார் வரைபடம். w மிகச் சிறியதாக இருக்கும்போது அளவு மிகப் பெரிது, கோணம் −270°. அதாவது காகிதத்தின் மேல் விளிம்புக்கும் அப்பால், செங்குத்தாக மேலே. அங்கிருந்து கோடு இடப்பக்கம் சாய்ந்து இறங்குகிறது. w = 1.12-இல் கிடை அச்சின் இடப்பக்கத்தை −1.60 K-இல் மேலிருந்து கீழாக வெட்டுகிறது. கீழே ஒரு வளைவு எடுத்து, மையத்தை நெருங்கி, w = 17.9-இல் −0.031 K-இல் கீழிருந்து மேலாக வெட்டி, மையத்தில் முடிகிறது.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கேயே பென்சிலை வைத்துவிடுவார்கள். ஒரு துண்டு பாக்கி இருக்கிறது. s = 0-இல் துருவங்கள், அதாவது L எல்லையில்லாமல் பெரிதாகும் இடங்கள், இருப்பதால், w சுழியத்தில் கோடு அறுந்து நிற்காது. வலப்பக்க நேர் அச்சில் தொடங்கி, எல்லையில்லாத ஆரத்தில், கடிகார முள் திசையில் இன்டக்ரேட்டருக்கு 90° வீதம் 270° சுற்றி, மேலே உள்ள தொடக்க முனையோடு சேர்கிறது. வலம், கீழ், இடம், மேல். அந்த வழியில் இடப்பக்கத்தைக் கீழிருந்து மேலாக ஒரு முறை வெட்டுகிறது. இந்த வில்லை விட்டுவிட்டால் பின்வரும் எண்ணிக்கை முழுக்கத் தப்பாகும். நானே முதலில் அப்படித்தான் விட்டேன்.

எண்ணும் முறை

−1 என்ற புள்ளியில் நின்று இடப்பக்கமாக ஒரு நேர்கோடு இழுங்கள். மலைப்படியில் ஓரமாக நின்று ஏறுபவர், இறங்குபவர் எண்ணுவது போலத்தான். அந்தக் கோட்டை வளைவு மேலிருந்து கீழாகக் கடந்தால் +1, கீழிருந்து மேலாகக் கடந்தால் −1. நம் L(s)-க்கு வலப்பாதியில் துருவம் இல்லை. ஆகவே மொத்தம் சுழியமானால் லூப் நிலையானது. −1 வந்தால், எதிர் அதிர்வெண்ணின் பிரதிபலிப்பும் சேர்ந்து, மூடிய லூப்பில் இரண்டு துருவங்கள் வலப்பாதியில் இருக்கின்றன, ஆட்டம் பெருகும் என்று பொருள்.

K = 5 என்று வைப்போம். வெட்டுகள் −8.0-இலும் −0.16-இலும். −1-க்கு இடப்பக்கம் இருப்பது பெரிய வில்லும் முதல் வெட்டும் மட்டும்: −1, +1. மொத்தம் சுழியம். லூப் நிலையானது. அளவு 1 ஆகும் இடத்தில் பேஸ் −180°-க்கு மேல் இருக்கும் இடைவெளி, அதாவது பேஸ் மார்ஜின், சுமார் 39°.

K = 0.5 ஆக்குவோம். கோடு முழுவதும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. முதல் வெட்டு −0.80-க்கு வந்து −1-இன் வலப்பக்கம் நழுவிவிட்டது. எல்லையில்லாத வில் மட்டும் சுருங்காமல் அப்படியே இருக்கிறது. மொத்தம் −1. மேடை ஆடியதன் காரணம் இதுதான்: வில் கழிக்கும் ஒன்றை ஈடுகட்ட முதல் வெட்டு −1-க்கு அந்தப்பக்கம் இருந்தாக வேண்டும்.

K = 50 என்றால் இரண்டாவது வெட்டும் −1.56-க்குப் போய், −1, +1, −1. மறுபடி நிலையின்மை. ஆகவே K 0.62-க்கும் 32-க்கும் இடையில் இருக்க வேண்டும். இதைத்தான் நிபந்தனையுடன் நிலையான லூப் என்கிறோம்.

அதிர்வெண் கணக்கில் சொன்னால், கெயினைக் குறைக்கும்போது அளவு 1 ஆகும் இடம் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறங்குகிறது. சாதாரண லூப்பில் அங்கே பேஸ் நல்லது. இங்கே 1.12-க்குக் கீழே முன்னேற்றம் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. மூன்று இன்டக்ரேட்டர்களின் முழுச் சுமையும் அங்கே கிடக்கிறது.

கையால் எண்ணியது சரியா என்று பார்க்க:

```python
import numpy as np
d = np.polymul([1,0,0,0], np.polymul([.05,1],[.05,1]))
for K in (0.5, 5, 50):
    print(K, np.roots(np.polyadd(d, [K, 2*K, K])).real.max())
```

0.5-க்கும் 50-க்கும் நேர் எண் வரும், 5-க்கு எதிர் எண் வரும்.

மேடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆட்டத்தின் வேகத்தைப் பாருங்கள். கீழ் எல்லையில் ஆட்டம் 1.12-ஐ ஒட்டி வரும். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நொடி. மேல் எல்லையில் 17.9-ஐ ஒட்டி நொடிக்கு மூன்று முறை உதறும். மெதுவான ஆட்டம் என்றால் கெயினை ஏற்ற வேண்டும், உதறல் என்றால் இறக்க வேண்டும். எங்களுடையது ஆறு நொடி ஆட்டம். குமிழை நேராக 5-க்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பிறகு லூப்பை மூடியபோது மேடை அமைதியாக நின்றது.

ஆனால் மறுநாள் வேறொன்று. கேமராவைக் கையால் நன்றாகத் திருப்பிவிட்டதும் அதே மெதுவான ஆட்டம் திரும்ப வந்தது, குமிழ் 5-இலேயே இருந்தும். மோட்டார் டிரைவர் ஓர் அளவுக்கு மேல் மின்னழுத்தம் தராது. டிரைவரிடம் கேட்கும் மின்னழுத்தம் அந்த வரம்பைப் போல் பத்து மடங்காக ஆடினால், அதே அதிர்வெண்ணில் வெளியே வருவது கேட்டதில் சுமார் எட்டில் ஒரு பங்குதான். 5-இல் எட்டில் ஒரு பங்கு 0.62, நம் கீழ் எல்லையேதான். அதற்கு மேல் ஆட்டம் பெருகப் பெருக கெயின் இன்னும் குறையும், ஆட்டம் இன்னும் பெருகும், தானாகத் திரும்பாது. சிறிய அசைவுகளில் மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது.

கடைசியில் டிரைவர் வரம்பைத் தொட்டதும் கன்ட்ரோலரில் உள்ள இரண்டு இன்டக்ரேட்டர்களையும் நிறுத்தி சுழியமாக்கி, பிழை சிறிதானதும் மறுபடி சேர்க்கும்படி மாற்றினோம். அப்போது பெரிய பிழையின்போது லூப்பில் இருப்பது மோட்டாரின் சொந்த இன்டக்ரேட்டர் ஒன்றுதான். வில் 90° மட்டும் சுற்றி வலப்பக்கத்திலிருந்து கீழே இறங்கி நின்றுவிடும். இடப்பக்க அச்சைத் தொடாது, அதனால் கெயின் எவ்வளவு குறைந்தாலும் கழிக்க ஒன்றும் இல்லை. அதன் பிறகு தம்பி கேமராவை எத்தனை முறை திருப்பிவிட்டாலும் மேடை தானாக வந்து நின்றது.