ஒரே 500 ரூபாய், மூன்று இடங்களில்: டிஜிட்டல் ரூபாயைக் கையால் தொட்டுப் பார்ப்போம்

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி போன வாரம் கேட்டார்: "தம்பி, ஜிபேயே இருக்கே, அப்புறம் எதுக்கு இந்த டிஜிட்டல் ரூபாய்? இதுவும் பிட்காயின் மாதிரிதானா?"

இரண்டு கேள்விக்கும் வாயால் பதில் சொல்வதை விட 500 ரூபாயை வைத்துச் செய்து காட்டுவது சுலபம். நீங்களும் கூடவே செய்யலாம். ஒரு வங்கிக் கணக்கும், அதோடு இணைந்த சிம் போட்ட ஸ்மார்ட்போனும் போதும். பிட்காயின் போன்ற கிரிப்டோ எதையும் வாங்க வேண்டாம், பார்த்தால் போதும்.

படி 1: முதலில் பாஸ்புக்கைப் பாருங்கள்

உங்கள் சேமிப்புக் கணக்கில் 12,500 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் எங்கே இருக்கிறது? வங்கியின் இரும்புப் பெட்டியில் உங்கள் பெயர் எழுதிய கவரில் இல்லை. வங்கி அதை வேறு யாருக்காவது வீட்டுக் கடனாகவோ நகைக் கடனாகவோ கொடுத்திருக்கும். பாஸ்புக்கில் இருப்பது, "இவருக்கு நான் 12,500 ரூபாய் தர வேண்டும்" என்று வங்கி எழுதி வைத்த கடன் கணக்கு. அதனால்தான் வட்டியும் தருகிறது.

சாதாரண நாட்களில் இந்த வேறுபாடு யாருக்கும் உறைக்காது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு 2020 நவம்பர் 17 அன்று உறைத்தது. அன்று மாலையிலிருந்து ஒரு கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. பாஸ்புக்கில் 3 லட்சம் இருந்தவருக்கும் கையில் கிடைப்பது அந்த 25,000 மட்டும். பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அந்த வங்கி டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. தடை நீங்கியது, டெபாசிட்தாரர்களின் பணமும் தப்பியது. ஆனால் அந்தப் பத்து நாட்கள், வங்கி இருப்பு என்றால் என்ன என்று காட்டிவிட்டன. ஒரு வங்கி முழுதாக மூழ்கினாலும், ஒருவருக்கு அந்த வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. அதற்கு மேல் உள்ள தொகைக்கு வங்கியின் சொத்தை விற்று என்ன தேறுகிறதோ அதைத்தான் நம்ப வேண்டும்.

இங்கே அண்ணாச்சியின் முதல் குழப்பமும் தீர்ந்துவிடும். ஜிபே, போன்பே எல்லாம் ஓடும் யுபிஐ ஒரு சாலை. அதில் ஓடும் சரக்கு இந்த வங்கி இருப்புதான். என் வங்கி எனக்குப் பட்ட கடன் குறைந்து, அண்ணாச்சியின் வங்கி அவருக்குப் பட்ட கடன் கூடுகிறது. டிஜிட்டல் ரூபாய் அப்படி ஒரு சாலை அல்ல, அதுவே சரக்கு.

படி 2: செயலியை நிறுவுதல்

சில்லறைப் பயன்பாட்டுக்கான டிஜிட்டல் ரூபாயை ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று சோதனையாகத் தொடங்கியது. வெளியிடுவது ரிசர்வ் வங்கி, நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பது வங்கிகள். ரூபாய் நோட்டு எப்படி வருகிறதோ அதே ஏற்பாடு. ஆகவே "ரிசர்வ் வங்கி செயலி" என்று தேடாதீர்கள். உங்கள் வங்கி இந்தச் சோதனையில் சேர்ந்திருந்தால், அதன் இணையதளத்துக்குப் போய், அங்கே டிஜிட்டல் ரூபாய், அல்லது e₹ என்று இருக்கும் பக்கத்திலிருந்து செயலிக்குச் செல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் எதையும் தொட வேண்டாம்.

செயலி முதலில் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி எண்ணைச் சரிபார்க்கும். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டு சிம் உள்ள போனில் தவறான சிம்மைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், அல்லது வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் வீட்டில் வேறொரு போனில் கிடக்கும், அல்லது எஸ்எம்எஸ் அனுப்ப ரீசார்ஜ் இருக்காது. என் முதல் முயற்சி கடைசிக் காரணத்தால்தான் நின்றது. அரை மணி நேரம் செயலியைத் திட்டிவிட்டு அப்புறம்தான் கவனித்தேன்.

எண் சரியானதும் ஒரு பின் வைத்து, வங்கிக் கணக்கை இணைத்தால் பர்ஸ் தயார்.

படி 3: 500 ரூபாயைப் பர்ஸில் ஏற்றுதல்

லோடு செய்யும் திரையைத் திறந்தால், நோட்டும் நாணயமும் வகை வகையாக வரும். 50 பைசாவிலிருந்து 500 ரூபாய் வரை, காகிதத்திலும் உலோகத்திலும் உள்ள அதே மதிப்புகள். மொத்தத் தொகையை மட்டும் கொடுத்தால் செயலியே பிரித்துக்கொள்ளும். நாம் இந்த முறை நம் விருப்பப்படி பிரித்ததாக வைத்துக்கொள்வோம்: ஒரு 200, இரண்டு 100, ஒரு 50, இரண்டு 20, ஒரு 5, இரண்டு 2, ஒரு 1. கூட்டினால் 500.

ஏற்றியதும் வங்கிக் கணக்கு 12,000 ஆகக் குறையும். திரையில் எண் இடம் மாறியது மட்டும்போலத்தான் தெரியும். உள்ளே நடந்தது பெரிய மாற்றம். அந்த 500 ரூபாயைத் தர வேண்டிய பொறுப்பிலிருந்து உங்கள் வங்கி விலகிவிட்டது. இனி அது ரிசர்வ் வங்கி உங்களுக்கு நேரடியாகத் தர வேண்டிய பணம். ஏடிஎம்மில் 500 ரூபாய் நோட்டு எடுக்கும்போதும் இதேதான் நடக்கிறது. 2022இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, வங்கி நோட்டு என்பதில் டிஜிட்டல் வடிவத்தையும் சேர்த்தார்கள். எனவே சட்டத்தின் கண்ணில் இதுவும் நோட்டுதான்.

நோட்டுக்கு யாரும் வட்டி தருவதில்லை, இதற்கும் இல்லை. பர்ஸில் ஒரு வருடம் 500 கிடந்தால் அது 500ஆகவே கிடக்கும். தேவைக்கு மேல் ஏற்றி வைப்பது சேமிப்பு ஆகாது.

இன்னொரு நுணுக்கம். பணம் ரிசர்வ் வங்கியின் பொறுப்பு என்றாலும் செயலியை நடத்துவது உங்கள் வங்கிதான். அவர்களுடைய சர்வர் படுத்தால், எழும் வரை நீங்களும் காத்திருக்க வேண்டும். பணம் போகாது, அந்த நேரத்துக்குக் கைக்கு வராது.

படி 4: அண்ணாச்சி கடையில் 147 ரூபாய்

பருப்பும் எண்ணெயும் சேர்த்து 147 ரூபாய். அண்ணாச்சியிடம் டிஜிட்டல் ரூபாய் பர்ஸ் கிடையாது, கல்லாப்பெட்டி மேல் ஒட்டிய யுபிஐ கியூஆர் மட்டும்தான். பரவாயில்லை, டிஜிட்டல் ரூபாய் செயலியிலிருந்தே அதை ஸ்கேன் செய்யலாம். பர்ஸிலிருந்து 100, இரண்டு 20, ஒரு 5, ஒரு 2 போனால் கணக்கு சரி. மீதி 353: ஒரு 200, ஒரு 100, ஒரு 50, ஒரு 2, ஒரு 1. பொருத்தமான சில்லறை இல்லாவிட்டால் செயலியே மாற்றிக்கொள்ளும். "சில்லறை இல்லையா, மிட்டாய் எடுத்துக்கோ" என்ற பேச்சு இங்கே எழாது.

அண்ணாச்சிக்கு என்ன போய்ச் சேர்ந்தது? அவரிடம் பர்ஸ் இல்லாததால் பணம் அவருடைய வங்கிக் கணக்கில் விழுந்தது. என் பக்கம் ரிசர்வ் வங்கியின் பொறுப்பாக இருந்த 147 ரூபாய், அவர் பக்கம் அவருடைய வங்கியின் கடனாக மாறிவிட்டது. அவரும் பர்ஸ் வைத்திருந்தால் நோட்டு கைமாறுவதுபோல அப்படியே போயிருக்கும்.

இப்போது உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பாருங்கள். 500 ரூபாய் ஏற்றிய ஒரு வரி இருக்கும், 147க்கு வரி இருக்காது. டீ, பஸ், காய்கறி என்று யுபிஐ வரிகளால் பக்கம் பக்கமாக நீளும் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து அலுத்தவர்களுக்கு, நான் உண்மையாகக் கண்ட லாபம் இது ஒன்றுதான். ஆனால் இதை ரகசியப் பணம் என்று நினைக்க வேண்டாம். பர்ஸ் உங்கள் எண்ணோடும் கணக்கோடும் கட்டப்பட்டது.

படி 5: பிட்காயினைத் தள்ளி நின்று பார்த்தல்

கூகுளில் பிட்காயின் விலையைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது. உங்கள் பர்ஸில் உள்ள 353 மாலையிலும் 353தான். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 டாலரைத் தொட்டது, ஒரு வருடம் கழித்து 16,000 டாலர் அளவுக்கு இறங்கியது. உச்சத்தில் 500 ரூபாய்க்கு வாங்கியவர் கையில் அப்போது நூற்று இருபத்தைந்து ரூபாய்க்குச் சற்று முன்பின் மிஞ்சியிருக்கும். பிறகு விலை ஏறியதும் உண்மை. கேட்க வேண்டியது, விலை இறங்கும்போது யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது. வங்கி இருப்புக்கு வங்கி இருக்கிறது, டிஜிட்டல் ரூபாய்க்கு ரிசர்வ் வங்கி. பிட்காயினை யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை. மொத்தம் 2.1 கோடிக்கு மேல் உருவாகாது என்ற விதியும், வாங்க ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையும்தான் அதன் பின்பலம்.

சொந்தமாகப் பிட்காயின் பர்ஸ் வைத்தால் 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புத் தொடர் தருவார்கள். அதைத் தொலைத்தால் எந்தக் கிளைக்கும் போய் மனு கொடுக்க முடியாது. டிஜிட்டல் ரூபாயில் போன் தொலைந்தால் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கி, வங்கி வழியாகப் பர்ஸை மீட்கலாம். பிட்காயினை வாங்கிய எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்திடமே விட்டு வைத்தால் அது அந்த நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே, டெபாசிட் காப்பீடு அதற்கு இல்லை.

வரியையும் ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 20,000 ரூபாய்க்கு வாங்கிய பிட்காயினை 24,000க்கு விற்கிறார், லாபம் 4,000. அதே வருடம் 20,000க்கு வாங்கிய இன்னொரு கிரிப்டோவை 16,000க்கு விற்கிறார், நஷ்டம் 4,000. கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. ஆனால் 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. லாபத்துக்கு 30 சதவீதம் 1,200 ரூபாய், அதன்மேல் 4 சதவீத செஸ் 48 ரூபாய். ஒரு பைசா சம்பாதிக்காமல் 1,248 ரூபாய் வரி. டிஜிட்டல் ரூபாயில் லாபம் என்ற பேச்சே இல்லாததால் இந்தத் தலைவலியும் இல்லை.

இதிலிருந்தே மோசடியைக் கண்டுபிடிக்கும் வழியும் கிடைக்கிறது. "டிஜிட்டல் ரூபாய் காயின் இப்போ 10 ரூபாய், அடுத்த மாசம் 100" என்று யாராவது டெலிகிராமில் சொன்னால் மேலே படிக்கவே வேண்டாம். ஒரு டிஜிட்டல் ரூபாயின் விலை எப்போதும் ஒரு ரூபாய்தான்.

படி 6: மீதியைத் திருப்பி அனுப்புதல்

செயலியில் ரிடீம் என்று இருக்கும். அதை அழுத்தி 353ஐ வங்கிக்கு அனுப்புங்கள். கணக்கு 12,353 ஆகும், அந்தப் பணத்துக்கு மறுபடி வட்டி ஓடத் தொடங்கும், அதைத் தர வேண்டியதும் மறுபடி உங்கள் வங்கியே.

அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். "எனக்கு எப்படியும் பேங்குலதானே விழுது" என்றார். அவர் கடையைப் பொறுத்தவரை அது சரிதான். பர்ஸ் போட்டுத் தரட்டுமா என்றேன். முதலில் 147 வந்துவிட்டதா என்று பார்க்கிறேன் என்று போனை எடுத்தார்.