ஊசியாகப் போட்டாலும் வயிறு தப்பாது

"சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போட்டேன், அப்புறம் எப்படி வயிற்றில் புண் வந்தது?" டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கியவர்கள் இப்படித் திகைத்துக் கேட்பதுண்டு. மாத்திரை இரைப்பைச் சுவரில் பட்டு அரிப்பதால்தான் புண் வருகிறது என்று நினைப்பதே இங்கே நடக்கும் முதல் தவறு.

இம்மருந்துகள் காக்ஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. அந்த நொதி உருவாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள், அடிபட்ட மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கூட்டுகிறது. அதன் உற்பத்தியை இதே வகை மருந்தான ஆஸ்பிரின் நிறுத்துவதை 1971-ல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் கண்டறிந்தார். ஆனால் இதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையில் சளிப்படலத்தைச் சுரக்கவைக்கிறது. சுவருக்குப் போதிய ரத்தம் வரவும் செய்கிறது. மூட்டில் வேண்டாதது வயிற்றில் காவலாக நிற்கிறது. மருந்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அது ரத்தத்தில் கலந்து எல்லா இடத்திலும் வேலை செய்வதால், ஊசியாகப் போட்டாலும் இரைப்பை காவலை இழக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போடுவது எரிச்சலைக் குறைக்கலாம், புண்ணைத் தடுத்துவிடாது. வலியே இல்லாமலும் புண் வளரும். தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக மலம் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று கொள்ளுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது தவறு எனக்கு இன்னும் கவலை தருவது. கூடவே ஒமிப்ரசோல் போட்டுக்கொண்டால் எல்லாம் பத்திரம் என்று நம்புகிறார்கள். அது அமிலத்தைக் குறைத்து வயிற்றுக்கு உதவுகிறது, உண்மைதான். சிறுநீரகத்துக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

62 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலும், சிறுநீரைக் கூட்டும் மாத்திரையும் சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. உடலில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைப் புரோஸ்டாகிளாண்டின்தான் விரித்து வைத்திருக்கும். டைக்ளோஃபெனாக் அதைத் தடுத்ததால் அந்த நுழைவாயில் சுருங்குகிறது. ரத்தம் வெளியேறும் குழாயை இறுக்கியாவது வடிகட்டியில் அழுத்தத்தைக் காக்க உடல் முயலும். எனலாப்ரில் அதற்கும் வழி விடுவதில்லை. இப்போது வடிகட்டியில் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. சிறுநீர் குறைகிறது, கால் வீங்குகிறது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுகிறது. முதுகில் வலி எதுவும் இருக்காது என்பதால் அவருக்குச் சந்தேகம்கூட வராது.

சீக்கிரம் கண்டுபிடித்து வலி மாத்திரையை நிறுத்தி, இழந்த நீரையும் ஈடுசெய்தால் பெரும்பாலும் சில நாட்களில் கிரியேட்டினின் இறங்கிவிடும். ரத்த அழுத்த மாத்திரையைத் தொடர்வதா, நிறுத்திவைப்பதா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவர்களின் முழங்கால் வலிக்குப் பாரசிட்டமாலையோ, தோலில் தடவும் களிம்பையோ முதலில் கேட்டுப் பாருங்கள். களிம்பிலிருந்து ரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு மிகக் குறைவு.