பேக்ரவுண்ட் செக் நின்றுபோனால் ரெக்ரூட்டரிடம் என்ன கேட்பது?

அமெரிக்காவுக்கு வந்து முதல் வேலை கிடைத்திருக்கும். படிவங்களையெல்லாம் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பீர்கள். பேக்ரவுண்ட் செக் மட்டும் இரண்டு வாரமாக நகராமல் கிடக்கும். அப்போது ரெக்ரூட்டருக்கு “ஏதாவது அப்டேட் உண்டா?” என்று எழுதினால், “இன்னும் நடந்துகொண்டிருக்கிறது” என்றுதான் பதில் வரும். அவர் மழுப்பவில்லை. சரிபார்ப்பைப் பெரும்பாலும் வெளி ஏஜென்சிதான் செய்கிறது. அவருக்கு அதற்கு மேல் தெரியாமலே இருக்கலாம்.

அதனால் அவர் ஏஜென்சியிடம் கேட்டுச் சொல்லும்படி கேளுங்கள். எந்தப் பகுதி நிற்கிறது? யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்? அந்தப் பதில் வராவிட்டால் எந்த ஆவணத்தை ஏற்பார்கள்? இந்த மூன்றும் போதும். மெயிலில் முழுப் பெயரையும் ஜாயினிங் தேதியையும் போடுங்கள்.

நம்மவர்களுக்கு அடிக்கடி நிற்பது ஊரில் பார்த்த பழைய வேலைதான். என் தங்கைக்கும் அப்படித்தான் ஆனது. அவள் சென்னையில் வேலை பார்த்த சிறு நிறுவனம் மூடிவிட்டது. ஏஜென்சி அனுப்பிய மெயில்களை வாங்க ஆளே இல்லை. மேற்சொன்ன மாதிரி கேட்டு எழுதிய மறுநாளே ரெக்ரூட்டர் இதைச் சொன்னார். அவள் ஃபார்ம் 16-ஐயும், இபிஎஃப்ஓ தளத்தில் யுஏஎன் போட்டு எடுத்த சர்வீஸ் ஹிஸ்டரியையும் ஏஜென்சியின் போர்ட்டலில் ஏற்றினாள். அங்கே இன்னொரு சிக்கல். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதி மார்ச் 31 என்றிருந்தது. இவள் விண்ணப்பத்தில் எழுதியதோ ஏப்ரல் 12. ரிலீவிங் லெட்டரையும் கடைசி மாதச் சம்பளச் சீட்டையும் சேர்த்து, இந்த வித்தியாசத்தை இரண்டு வரியில் தானே விளக்கினாள். நான்கு நாளில் முடிந்தது. அவர்கள் கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருந்தால், அதே வித்தியாசம் மறைத்ததுபோலத் தோன்றியிருக்கும். பான் எண் உள்ள இத்தகைய தாள்களை ரெக்ரூட்டருக்கு மெயிலில் அனுப்பாதீர்கள். போர்ட்டலில் மட்டும் ஏற்றுங்கள்.

ஐ-9 முடிந்துவிட்டதே என்று சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது நீங்கள் யார், இங்கே வேலை செய்ய உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. பேக்ரவுண்ட் செக் தனி.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி, ஏஜென்சி தந்த அறிக்கையை வைத்து வேலையை மறுக்க நினைத்தால், மறுப்பதற்கு முன்பே அதன் நகலை நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டும். அதில் தவறு இருந்தால் ஏஜென்சியிடம் நேரடியாக முறையிடலாம். வழக்கமாக 30 நாளுக்குள் மறுபடி சரிபார்க்க வேண்டும். அப்படி எந்த நோட்டீஸும் வரவில்லை என்றால், தாமதத்தையே நிராகரிப்பு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

ஜாயினிங் தேதி நெருங்கிவிட்டால், தேதியைத் தள்ளுவார்களா, செக் முடியும் முன்பே சேரலாமா என்றும் அதே மெயிலில் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை, இப்போது ஒரு வேலை இருந்தால் அதை விடவோ, புது ஊரில் வீட்டுக்கு லீஸ் போடவோ வேண்டாம்.